ஹட்டன் கிளையிலிருந்து ஓர் இராஜினாமாக் கடிதம்

கேள்வி: "ஹட்டனில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். 2016 ஒக்டோபர் 3ஆம் திகதி சேர்ந்தேன். கணவர் கனடாவில் இருக்கிறார். எனக்கும் மகளுக்கும் நிரந்தர வதிவிட விசா கிடைத்துவிட்டது. 2025 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் விலக நினைக்கிறேன். முகாமையாளரும் சக ஊழியர்களும் என்னைக் குடும்பத்தில் ஒருத்தியாக வைத்திருந்தவர்கள். 2022இல் பெட்ரோல் இல்லாத நாட்களில் முகாமையாளர்தான் கொட்டகலையிலிருந்து எங்களை ஏற்றி வந்தார். 'என் இரண்டாவது தாய்வீடான இந்த வங்கியைக் கனத்த இதயத்துடன் பிரிகிறேன்' என்று கடிதத்தைத் தொடங்கினேன். தோழி சிரிக்கிறாள். அன்பும் தெரியவேண்டும், அலுவலகக் கடிதமாகவும் இருக்கவேண்டும். எப்படி எழுதுவது?"

பதில்: சகோதரி, உங்கள் முதல் வரியைவிட எனக்குக் கவலை தந்தது அந்த செப்டெம்பர் 30 என்ற திகதி. அதை முதலில் பார்த்துவிட்டுத் தாய்வீட்டுக்கு வருகிறேன். பண்டாரவளை, தலவாக்கலை, நுவரெலியா என்று மலைநாட்டுக் கிளைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வுபெற்றவன் நான். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் முகாமையாளர் நாற்காலியில் இருந்து இத்தகைய கடிதங்களை வாங்கியிருக்கிறேன். இராஜினாமாக் கடிதத்தில் மற்ற எதை விடவும் அதிக வேலை செய்வது கடைசி வேலைநாள் என்ற ஒரே ஒரு திகதிதான்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் அரைமாதத் தொகை கிடைக்கும். நிறைவு செய்த ஆண்டு என்பதுதான் இங்கே முக்கியம். நீங்கள் ஒக்டோபர் 3ஆம் திகதி சேர்ந்ததால் ஒன்பதாவது ஆண்டு நிறைவது 2025 ஒக்டோபர் 2ஆம் திகதி மாலையில். செப்டெம்பர் 30இல் விலகினால் இரண்டே நாள் குறைந்து, எட்டு ஆண்டுகளுக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள். கணக்குக்கு வசதியாகச் சம்பளம் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைமாதம் 40,000. எட்டு ஆண்டுக்கு 320,000, ஒன்பது ஆண்டுக்கு 360,000. மாதக் கடைசி என்ற அழகுக்காக நாற்பதாயிரத்தை விட்டுவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படி போன்றவையும்தான் இந்தக் கணக்கில் வரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. உங்கள் வங்கியில் தொழிற்சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் விகிதம் இதைவிட நல்லதாகவும் இருக்கலாம், அதை மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

ஆகவே ஒக்டோபர் 10ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, கடைசி நாளாக இருக்கட்டும். 3ஆம் திகதியே போதும் என்றாலும் ஒரு வாரம் இடம் விடுவது நல்லது. சேர்ந்த நாளை நியமனக் கடிதத்தில் பாருங்கள், நினைவில் வைத்து எழுதாதீர்கள். நியமனத் திகதி ஒன்று, கடமையேற்ற திகதி வேறொன்று என்று இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே கடிதத்தில் முன்னறிவித்தல் காலமும் இருக்கும். எழுதுவினைஞர் தரத்துக்குப் பெரும்பாலும் ஒரு மாதம் என்றாலும் வங்கிக்கு வங்கி மாறும். ஒரு மாதம் என்றால் செப்டெம்பர் 8ஆம் திகதி, திங்கட்கிழமை, கடிதம் கையில் சேர்ந்தால் கணக்குச் சரி. விசாவில் நாட்டுக்குள் நுழையவேண்டிய கடைசித் திகதி இருந்தால் அதையும் பார்த்துவிட்டுத்தான் இவை எல்லாவற்றையும் முடிவு செய்யவேண்டும்.

திகதியை எண்ணால் எழுதுங்கள். என் இளமையில், வேறொரு நிறுவனத்தை விட்டு வங்கிக்கு வந்தபோது, "அடுத்த மாத இறுதியுடன்" என்று எழுதிக் கொடுத்தேன். கடிதத்தில் நான் போட்ட திகதி மாதத்தின் 29. அது அலுவலக முத்திரை பெற்றது அதற்கடுத்த மாதத்தின் 2ஆம் நாள். அவர்கள் முத்திரையிலிருந்து "அடுத்த மாதம்" எண்ணினார்கள். புதிய வேலைக்குப் போகவேண்டிய நாளில் நான் பழைய மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

விசா கையில் வந்துவிட்டது என்கிறீர்கள், நல்லது. விசா வருமென்ற நம்பிக்கையில் கடிதம் கொடுத்துவிட்டு, அது பிந்தியதும் "திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா" என்று என் அறைக்கு வந்து நின்ற ஒருவரை நான் மறக்கவில்லை. ஏற்றுக்கொண்ட இராஜினாமாவை மீட்பது வங்கியின் தயவைப் பொறுத்த விடயம். அவருக்குத் தயவு கிடைத்தது, பதவி உயர்வுக்கான மூப்பு கிடைக்கவில்லை. "விசா சரிவந்தால்" என்பது போன்ற நிபந்தனை வார்த்தைகளும் கடிதத்தில் கூடாது.

அடுத்தது காரணம். ஒரு வாக்கியம் போதும், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் "நிரந்தரமாக" என்ற சொல் இருக்கட்டும். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் வங்கியின் பங்காக 12 சதவீதமும் சேர்ந்திருக்கிறது. சாதாரணமாகப் பெண்களுக்கு 50 வயதில்தான் அதை எடுக்கலாம். நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்கிறவர் அந்த வயதுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். கே படிவத்தை நிரப்பித் தொழில் அலுவலகம் வழியாகப் போகும்போது விசா, கடவுச்சீட்டு, சத்தியக்கடதாசி என்று காட்டவேண்டிவரும். வேலையை விட்ட காரணமும் கேட்கப்படும். உங்கள் தனிக்கோப்பில் இருக்கும் கடிதம் "சில காலம் கணவருடன் இருக்கப் போகிறேன்" என்று சொல்லி, விண்ணப்பம் "நிரந்தரமாக" என்று சொன்னால், நடுவில் உட்கார்ந்திருக்கும் அலுவலருக்கு அது கேள்வி. அன்பின் காரணமாகப் பலர் "மீண்டும் வருவேன்" என்று எழுதிவிடுகிறார்கள். அதை விருந்தில் சொல்லுங்கள், கடிதத்தில் வேண்டாம். வங்கி 3 சதவீதம் செலுத்திவந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும் வேலையை விட்டதும் அதைக் கோரலாம். சில வங்கிகள் சேமலாப நிதியைத் தாமே நடத்துகின்றன. உங்களுடையது அப்படியானால் விதிகளும் படிவமும் வேறாக இருக்கும்.

இனித் தாய்வீட்டுக்கு வருவோம். உங்கள் தோழி சிரித்ததில் நியாயம் உண்டு. "இரண்டாவது தாய்வீடு", "கனத்த இதயம்" இரண்டையும் எடுத்து எந்த அலுவலகக் கடிதத்தில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் முகாமையாளர் அதைப் படித்துவிட்டுத் தன்னைப் பற்றி எழுதியதாக உணரமாட்டார். ஆனால் என்னிடம் கேட்கும்போது, உங்களை அறியாமலே, கடிதத்துக்குத் தேவையான வரியை எழுதிவிட்டீர்கள்: பெட்ரோல் இல்லாத நாட்களில் கொட்டகலையிலிருந்து ஏற்றி வந்தார். நடந்த ஒரு காரியத்தை அதன் ஆண்டோடும் இடத்தோடும் சொன்னால் நன்றி தானாக வந்துவிடும். 2022இல் அந்தப் பாதையில் பஸ்ஸுக்காக நின்றவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு காரியம் போதும். மூன்றாகிவிட்டால் பிரியாவிடைப் பேச்சாகிவிடும்.

ஆனால் முகாமையாளராக இருந்தவன் என்பதால் ஓர் எச்சரிக்கை. "உங்கள் வாகனத்தில் ஏற்றி வந்தீர்கள்" என்று எழுதாமல் "நாங்கள் கிளைக்கு வந்துசேர ஏற்பாடு செய்து தந்தீர்கள்" என்று எழுதுங்கள். அது வங்கி வாகனமா, சொந்த வாகனமா, எரிபொருள் யாருடைய ஒதுக்கீடு என்று கணக்காய்வாளர் ஒருவர் 2022ஐத் தோண்டவேண்டிய அவசியம் இல்லை. உங்கள் கடிதம் கொழும்புக்குப் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்கு நன்மை செய்தவருக்கு அது தொல்லையாகக்கூடாது.

வாடிக்கையாளர்களைப் பற்றி உருக்கமாக எழுத ஆசை வரும், மலைநாட்டுக் கிளைகளில் அது இன்னும் அதிகம். தீபாவளிக்கு முந்திய வாரம் முற்பணம் கிடைத்ததும் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த காசைக் கவுண்டரில் எண்ணி வைத்து, அடகுச் சீட்டை நீட்டி, தோட்டை வாங்கி அங்கேயே காதில் போட்டுக்கொண்டு போகும் அம்மாக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்ன தோட்டத்து இன்னார் என்று ஒருவரையும் கடிதத்தில் அடையாளம் காட்டாதீர்கள். சேர்ந்த அன்று நீங்கள் கையொப்பமிட்ட இரகசியப் பிரகடனம் வேலையை விட்டபிறகும் உங்களைக் கட்டும். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. நல்லெண்ணத்தில் ஓர் ஊழியர் "பத்து லட்சத்தை என்னை நம்பி வைப்பிலிட்ட" ஆசிரியர் ஒருவரைப் பெயர் சொல்லி எழுதியிருந்தார். நான் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று எழுதி வாங்கினேன்.

ஊழியர் கடன் இருந்தால் கடிதத்தில் ஒரே ஓர் இடம் அதற்கு உண்டு: நிலுவைக் கூற்று ஒன்று தாருங்கள் என்று கேட்பது. "என் பணிக்கொடையிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள். அது சம்மதப் பத்திரமாகிவிடும். முதலில் தொகையைப் பாருங்கள். ஊழியர் என்ற சலுகை வட்டி பொதுவாகக் கடைசி நாளோடு நின்றுவிடும். மீதியை ஒரேயடியாகக் கட்டச் சொல்வார்களா, சாதாரண வட்டிக்கு மாற்றித் தருவார்களா என்பது உங்கள் கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். சக ஊழியருக்குப் பிணை நின்றிருந்தால் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மாற்றுப் பிணையாளர் தேட அவருக்கு ஒரு மாதமாவது வேண்டும், அதை அவர் வங்கி வழியாகக் கேள்விப்படுவது நன்றாக இராது.

ஒப்படைப்புக்கும் ஒரு வாக்கியம்தான். இறப்பர் முத்திரை, காசுப்பெட்டிச் சாவி, அடகுப் பெட்டகத்தின் இரண்டாவது சாவி போன்றவற்றைக் கடிதத்தில் வரிசைப்படுத்தவேண்டாம். எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது சாவிப் பதிவேட்டுக்குள் இருக்கவேண்டிய செய்தி. அங்கே கையொப்பமிட்டுக் கொடுத்து, அந்தப் பக்கத்தில் வாங்கியவரின் கையொப்பமும் நேரமும் விழுந்ததைக் கண்ணால் பாருங்கள்.

மேலே சொன்னவற்றை வைத்து உங்களுக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன்.

"2025 செப்டெம்பர் 8

தலைமை மனிதவள அதிகாரி அவர்களுக்கு,
கிளை முகாமையாளர், ஹட்டன் ஊடாக.

ஐயா,

எழுதுவினைஞர் பதவியிலிருந்து விலகல்

2016 ஒக்டோபர் 3ஆம் திகதி முதல் ஹட்டன் கிளையில் பணியாற்றிவரும் நான், கனடாவில் வசிக்கும் கணவருடன் நிரந்தரமாகக் குடியேறுவதற்காக எனது பதவியிலிருந்து விலகுகிறேன். நியமனக் கடிதத்தில் குறிப்பிட்டவாறு ஒரு மாத முன்னறிவித்தலை இத்தால் தருகிறேன். எனது கடைசி வேலைநாள் 2025 ஒக்டோபர் 10ஆம் திகதி வெள்ளிக்கிழமை ஆகும்.

கவுண்டரில் நிற்கத் தெரியாமல் இந்தக் கிளைக்கு வந்தேன். காசு எண்ணுவதிலிருந்து அடகுப் பிரிவைத் தனியாகக் கவனிப்பது வரை இங்கேதான் கற்றேன். 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாத நாட்களில், கொட்டகலையிலிருந்து நாங்கள் நேரத்துக்குக் கிளைக்கு வந்துசேர முகாமையாளர் செய்துதந்த ஏற்பாட்டை நன்றியுடன் நினைக்கிறேன். அந்த நாட்களில் என் வேலையையும் சேர்த்துச் செய்த சக ஊழியர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

எனது பொறுப்பிலுள்ள வேலைகளை, முகாமையாளர் பணிக்கும் ஊழியரிடம் கடைசி நாளுக்கு முன் முழுமையாக ஒப்படைப்பேன். அவருக்குப் பயிற்சி தேவைப்பட்டால் அதற்கும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இந்த விலகலை ஏற்றுக்கொண்டதையும் கடைசி வேலைநாளையும் எழுத்து மூலம் உறுதிப்படுத்துமாறும், ஆங்கிலத்தில் ஒரு சேவைச் சான்றிதழும், ஊழியர் கடனின் நிலுவைக் கூற்றும் தந்துதவுமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஒக்டோபர் 10இற்குப் பின் என்னுடன் தொடர்புகொள்ள வேண்டிய முகவரியும் மின்னஞ்சலும் கீழே உள்ளன.

இங்ஙனம்,
உண்மையுள்ள,"

கீழே கையொப்பம், பெயர், ஊழியர் இலக்கம், அடையாள அட்டை இலக்கம். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். "விலக அனுமதிக்குமாறு மன்றாடுகிறேன்" என்ற பழைய பாணியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். விலகுவதாக அறிவிக்கிறீர்கள், கேட்பது உறுதிப்படுத்தலை மட்டும். "ஐயா" என்பது கொழும்பில் இருப்பவருக்கு. அங்கே இருப்பவர் பெண்ணென்றால் "அம்மணி" என்று மாற்றுங்கள். அடகுப் பிரிவு என்று நான் ஊகித்து எழுதியதை நீங்கள் உண்மையில் செய்த வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சேவைச் சான்றிதழில் சேர்ந்த திகதி, விலகிய திகதி, பதவி, செய்த வேலை நான்கும் இருக்கவேண்டும். பெரும்பாலான வங்கிகளின் அச்சுப்படிவத்தில் கடைசியான செய்த வேலை என்பது இராது. "காசாளர் கவுண்டர், நிலையான வைப்பு, அடகு" என்று நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சேர்த்துத் தருவார்கள். அங்கே வேலை தேடும்போது வெறும் "எழுதுவினைஞர்" என்ற சொல்லைவிட அந்த வரி உதவும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடிதம் தமிழில் இருப்பதில் தவறேதுமில்லை. ஆனால் தலைமை அலுவலகத்தில் தனிக்கோப்பைப் புரட்டுகிறவர் தமிழ் படிப்பவராக இருப்பது அரிது. மொழிபெயர்ப்புக்காகக் கடிதம் ஒரு மேசையில் கிடந்தால் உங்கள் ஒரு மாதம் அங்கேயே கரையும். ஆங்கிலப் பிரதி ஒன்றையும் எழுதி, இரண்டிலும் கையொப்பமிட்டு, ஒரே உறையில் வையுங்கள். திகதிகள் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முறை இது. காலை எட்டே முக்காலுக்கு, கவுண்டர் திறக்கும் பரபரப்பில் நீட்டாதீர்கள். கடிதம் கொடுப்பதற்கு முந்திய வேலைநாள் மாலை, காசு சமன்பட்டுப் பெட்டகம் பூட்டியபிறகு, முகாமையாளரிடம் வாயால் சொல்லுங்கள். உங்களை வண்டியில் ஏற்றி வந்தவர் அதைக் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. தாய்வீடு, கனத்த இதயம் எல்லாவற்றையும் அப்போது சொல்லலாம், பக்கத்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள். திங்கட்கிழமை இரண்டு பிரதிகளுடன் போங்கள். உங்கள் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, கையொப்பமிட்டு, கிளையின் திகதி முத்திரையைக் குத்தித் தரச் சொல்லுங்கள். வெட்கப்படவேண்டாம், நல்ல முகாமையாளர் கேட்காமலே செய்வார்.

பணிக்கொடையை வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும் என்கிறது சட்டம். உங்கள் கணக்கில் அது நவம்பர் 9 வாக்கில் வரும், அப்போது நீங்கள் கனடாவில் இருக்கலாம். ஆகவே சம்பளக் கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். கே படிவத்தில் வங்கி நிரப்பவேண்டிய பகுதியை விமானம் ஏறுமுன் நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை குத்திய கடிதப் பிரதியையும் நியமனக் கடிதத்தையும் சேவைச் சான்றிதழையும் மகளின் பாடசாலைப் பத்திரங்களோடு கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடவேண்டாம்.